இடம் வலமாக மாறிய படம்

பழைய குழுப்படங்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். ‘இடமிருந்து வலம்’ என்று தொடங்கி, நிற்பவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். அந்தப் படத்தின் நெகடிவ் எங்கோ பெட்டியில் கிடைத்து, யாரோ அதை ஸ்கேன் செய்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். ஸ்கேனரில் பிலிம் மறுபக்கமாக வைக்கப்பட்டிருந்தால் படம் இடம் வலமாக மாறியிருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. முகங்கள் முகங்களாகவே இருக்கும், வேட்டி வேட்டியாகவே இருக்கும். பின்பக்கப் பெயர்களை வரிசைப்படி பொருத்திப் பார்த்தால் இடக்கோடியில் நின்றவரின் பெயர் வலக்கோடியில் நின்றவருக்குப் போய்விடும்.

இந்தத் தவறு நீடிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஐந்து பேர் நிற்கும் படத்தில் நடுவில் நிற்பவர் படம் மாறினாலும் நடுவில்தான் நிற்பார். வழக்கமாக நடுவில் நிற்பவர் வீட்டின் பெரியவர், எல்லோருக்கும் தெரிந்த முகம். “தாத்தா பெயர் சரியாக வருகிறது, அப்படியானால் மற்றதும் சரிதான்” என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் சரியாக வந்தது அந்த ஒரு பெயர் மட்டுமே.

இப்படி மாறிய படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதே இந்த அத்தியாயம். அதற்கு முன் ஒரு சொல்லொழுங்கு தேவை. இங்கே ‘அவருக்கு இடது’ என்றால் படத்தில் இருப்பவரின் இடக்கைப் பக்கம். ‘நமக்கு இடது’ என்றால் பார்க்கிற நம் இடக்கைப் பக்கம். நம்மைப் பார்த்து நிற்பவரின் இடது நமக்கு வலது. குறிப்பு எழுதும்போதும் இதே போல எழுதிப் பழகுங்கள். வெறுமனே ‘இடது கன்னத்தில் மச்சம்’ என்று எழுதிவைத்தால், படம் மாறாமலே இருந்தாலும் படிப்பவர் குழம்புவார்.

முகம் ஏன் காட்டிக்கொடுக்காது

மனித முகம் ஏறக்குறைய இருபக்கமும் ஒத்தது. ‘ஏறக்குறைய’ என்பதில்தான் சிக்கல். ஒரு புருவம் சற்று மேலேறி இருக்கும், சிரிப்பு ஒரு பக்கம் இழுக்கும், மூக்குநுனி லேசாகச் சாயும், வகிடு ஒரு பக்கம் விழும். படத்தைத் திருப்பினால் இவை எல்லாம் ஒன்றாகப் பக்கம் மாறுகின்றன. ஆனால் மாறிய முகமும் உலகத்தில் இருக்கக்கூடிய ஒரு முகம்தான். தலைகீழான முகத்தைப் பார்த்தால் உடனே தெரிகிறது. இடவலம் மாறிய முகத்தைப் பார்த்தால் “ஏதோ ஒரு மாதிரி இருக்கிறது” என்ற அளவோடு நின்றுவிடுகிறது.

அந்த ‘ஏதோ ஒரு மாதிரி’யை அளந்து பார்த்திருக்கிறார்கள். 1977இல் அமெரிக்காவில் மீட்டா, டெர்மர், நைட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பெண்களைப் படம் எடுத்து, ஒரே படத்தை நேராக ஒரு பிரதி, திருப்பி ஒரு பிரதி என்று அச்சிட்டு, எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். படத்தில் இருந்த பெண்கள் திருப்பிய பிரதியை அதிகம் விரும்பினார்கள். அவர்களுக்கு நெருக்கமானவர்கள் நேர்ப்பிரதியை விரும்பினார்கள். காரணம் எளிது. நம் முகத்தை நாம் தினமும் கண்ணாடியில்தான் பார்க்கிறோம், மற்றவர்கள் நேரில் பார்க்கிறார்கள். பழகிய வடிவமே அவரவர்க்குப் பிடிக்கிறது.

செல்போனின் முன்பக்கக் கேமரா இந்தப் பழக்கத்தை ஒட்டியே செய்யப்பட்டிருக்கிறது. படம் எடுக்கும்போது திரை கண்ணாடியைப் போலத் திருப்பிக் காட்டும். எடுத்த பிறகு பல போன்கள் நேர்ப்படமாக மாற்றிச் சேமிக்கும். கேலரியைத் திறந்து “என் மூஞ்சி ஏன் கோணலா விழுந்திருக்கு?” என்று அலுத்துக்கொள்பவர்கள் பார்ப்பது, பக்கத்து வீட்டுக்காரர் தினமும் பார்க்கிற அதே முகத்தைத்தான். சிலர் இதற்காகவே, திருப்பிய படமே சேமிப்பாகும்படி அமைப்பை மாற்றிவைத்திருப்பார்கள். ஐபோனில் அதன் பெயர் `Mirror Front Camera`, சாம்சங்கில் `Save selfies as previewed`. ஆகவே ஒரு செல்ஃபி கையில் வந்தால் அது நேர்ப்படமா மாறிய படமா என்று போனின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. எடுத்தவரின் அமைப்பு எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது அது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரு முகத்தைப் பார்க்கும்போது பெரும்பாலோர், தம்மை அறியாமல், தமக்கு இடப்பக்கம் விழும் பாதிக்கே கூடுதல் எடை கொடுக்கிறார்கள். அதாவது படத்தில் இருப்பவரின் வலப்பாதி. படத்தைத் திருப்பினால் அந்த இடத்துக்கு மறுபாதி வந்துவிடுகிறது. ஒருவரின் வலப்பாதி சற்றுக் கடுமையாகவும் இடப்பாதி சற்று மென்மையாகவும் இருந்தால், திருப்பிய படத்தில் அவர் மென்மையானவராகத் தெரியலாம். நன்றாகத் தெரிந்த முகம் என்றால் இதனால் அடையாளம் தவறாது. அம்மாவைத் திருப்பிப் போட்டாலும் அம்மாவைத் தெரியும். தெரியாத முகத்தை இன்னொரு படத்தோடு ஒப்பிட வேண்டியபோதுதான் வழி தவறுகிறது.

அப்படி ஒப்பிடும்போது நாம் கையில் எடுப்பவை மச்சம், தழும்பு, வகிடு, உடைந்த பல். பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று இரண்டு எழுதியிருப்பார்களே, அவைதான். அந்தச் சான்றிதழ் அவருடைய உடம்பைப் பார்த்து எழுதியது. ‘இடது கன்னத்தில் மச்சம்’ என்றால் அவருக்கு இடது. நேர்ப்படத்தில் அது நமக்கு வலப்பக்கம் தெரிய வேண்டும். மாறிய படத்தில் நமக்கு இடப்பக்கம் தெரியும். அதைப் பார்க்கும் ஒருவர் “மச்சம் இடப்பக்கம் இருக்கிறது, பொருந்துகிறது” என்று தலையாட்டுவார். இரண்டு தவறுகள் சேர்ந்து ஒன்றையொன்று மறைத்துவிட்டன. விஷயம் தெரிந்த இன்னொருவர் “பொருந்தவில்லை, இவர் வேறு ஆள்” என்று ஒதுக்குவார். அவரும் தவறு. படத்தின் திசை உறுதியாவதற்கு முன் மச்சத்தைப் பேச்சில் கொண்டுவரக் கூடாது.

இடக்கைக்காரன் ஆக்கப்பட்ட பில்லி

படத்தின் திசையைப் பார்க்காமல் ஆளைப் பற்றி முடிவு கட்டியதற்கு மிகப் பிரபலமான உதாரணம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் கிடைக்கிறது. பில்லி த கிட் என்ற துப்பாக்கிக்காரன் 1881 ஜூலையில், ஃபோர்ட் சம்னர் என்ற இடத்தில், பேட் காரெட் என்ற ஷெரீஃபால் சுடப்பட்டு இறந்தான். அதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன், அதே ஊரில் எடுத்த ஒரு படம் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய இரும்புத் தகடு. அதில் அவன் ஒரு வின்செஸ்டர் ரைஃபிளின் குழல்நுனியைப் பிடித்து அதைத் தரையில் ஊன்றி நிற்கிறான். இடுப்பில் கைத்துப்பாக்கி உறையோடு தொங்குகிறது. உறை இருப்பது அவனுக்கு இடப்பக்கம். இதைப் பார்த்து அவன் இடக்கைக்காரன் என்ற கதை பரவியது. 1958இல் ஆர்தர் பென் இயக்கத்தில் பால் நியூமன் நடித்து, பில்லியைப் பற்றி ஒரு படம் வந்தது. அதன் பெயரே ‘தி லெஃப்ட் ஹேண்டட் கன்’.

அந்தத் தகடு எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். அந்தக் காலத்து டின்டைப் முறையில் நெகடிவ் கிடையாது. கறுப்புப் பூச்சுள்ள மெல்லிய இரும்புத் தகட்டில் மருந்து தடவி, அதையே கேமராவுக்குள் வைத்துப் படம் எடுத்து, கழுவி, அதையே வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுவார்கள். லென்ஸ், காட்சியைத் தலைகீழாகத் தகட்டின்மேல் விழச்செய்கிறது. தலைகீழானதை நிமிர்த்திக்கொள்ளலாம். ஆனால் லென்ஸைப் பார்த்திருந்த அதே மருந்துப் பக்கத்தை நாமும் முன்னாலிருந்து பார்ப்பதால், இடவலம் மாறியே நிற்கும். கண்ணாடி நெகடிவாக இருந்தால் பின்பக்கமிருந்து பார்க்கலாம், அல்லது தாளில் அச்சிடும்போது இன்னொரு முறை திரும்பி நேராகிவிடும். இரும்புத் தகட்டில் இரண்டுக்கும் வழியில்லை. அதற்கு முந்தைய டாகுவேரோடைப் படங்களுக்கும் இதே நிலைதான். டாகுவேர் 1838இல் பாரிஸில் எடுத்த புகழ்பெற்ற தெருக்காட்சியும் இடவலம் மாறியதே.

பில்லியின் படம் மாறியது என்பதை முகத்தை வைத்து யாரும் நிரூபிக்க முடியாது. நிரூபித்தது ரைஃபிள். 1873ஆம் ஆண்டு மாதிரி வின்செஸ்டரில் தோட்டாக்களை உள்ளே தள்ளும் சிறிய கதவு ஒன்று உண்டு. அது துப்பாக்கியின் வலப்பக்கத்தில்தான் இருக்கும். தகட்டிலோ அது இடப்பக்கம் தெரிகிறது. படத்தைத் திருப்பினால் கதவு வலப்பக்கம் வருகிறது, கூடவே உறையும் அவனுடைய வல இடுப்புக்கு வருகிறது. அந்தத் தகடு 2011இல் டென்வர் நகரில் 23 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இந்த நிரூபணத்தின் எல்லையையும் கவனியுங்கள். உறை வலப்பக்கம் இருந்தது என்பது உறுதி. அவன் வலக்கைக்காரன் என்பதை இந்தப் படம் மட்டும் நிரூபிக்காது. படம் பொய் சொன்னது என்று தெரிந்துவிட்டால் அது சொன்னதற்கு நேர் எதிரானதெல்லாம் உண்மை என்று தாவிவிடுவது நம்மில் பலருக்கும் வரும் சபலம்.

ஒரு குழுப்படத்தைச் சோதிப்பது

நம் வீட்டுப் படத்துக்கு வருவோம். திண்ணையில் ஐந்து ஆண்கள் நிற்கும் 1960களின் படம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நெகடிவிலிருந்து ஸ்கேன் செய்தது. பழைய அச்சுப்பிரதி தொலைந்துவிட்டது, அதன் பின்பக்க வரியை மட்டும் யாரோ நோட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள்: இடமிருந்து வலம், சின்னத் தாத்தா, கணக்குப்பிள்ளை, தாத்தா, பெரிய மாமா, சித்தப்பா. தாத்தாவைத் தவிர மற்றவர்களைத் தெரிந்தவர் யாரும் இப்போது இல்லை. வின்செஸ்டரின் கதவைப் போல ஒன்று, அதாவது ஒரு பக்கமாகவே செய்யப்படும் பொருள், இதில் எங்கே இருக்கிறது?

முதலில் சட்டை. ஆண்களின் தையல் சட்டையில் துவாரங்கள் உள்ள இடப்பக்கத் துணி, பொத்தான்கள் உள்ள வலப்பக்கத் துணியின் மேல் படிந்திருக்கும். ஒற்றைப் பை என்றால் அது இடமார்பில். ஆகவே நம்மைப் பார்த்து நிற்பவரின் பை நமக்கு வலப்பக்கம் தெரிய வேண்டும். நம் படத்தில் வலக்கோடியில் நிற்பவரின் பையும் அதில் செருகிய பேனாவும் நமக்கு இடப்பக்கம் தெரிகின்றன. சந்தேகத்துக்கு இடம் வந்துவிட்டது. பையை மட்டும் நம்ப வேண்டாம், ஒருவர் சட்டையை எப்படித் தைக்கச் சொன்னாரோ தெரியாது. படத்தைப் பெரிதாக்கி, எந்தத் துணி மேலே படிகிறது என்று பாருங்கள். கழுத்துக்குக் கீழே, பொத்தான் வரிசையை ஒட்டி ஒரு மெல்லிய நிழல்கோடு ஓடும். அது மேல் துணியின் விளிம்பு. அது பொத்தான்களுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே கேள்வி. பொத்தானைத் தாண்டி அவருடைய வலப்பக்கம் அந்த விளிம்பு இருந்தால் இடத்துணி மேலே படிந்திருக்கிறது, சட்டை சரி. அவருடைய இடப்பக்கம் இருந்தால் படம் மாறியிருக்கிறது. பெண்களுக்கான சட்டைகளில் இந்த முறை பெரும்பாலும் நேர் எதிர் என்பதால் அங்கே இதைக் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்து, சட்டையில்லாமல் நிற்பவரின் பூணூல். அது இடத்தோளில் விழுந்து வல இடுப்புப் பக்கம் இறங்குவது வழக்கம். நமக்கு வலமேலிருந்து இடக்கீழாகச் சரியும் கோடாகத் தெரிய வேண்டும். நம் படத்தில் எதிர்ச்சரிவு. திவசம் போன்ற பிதிர்காரியங்களில் பூணூலை வலத்தோளுக்கு மாற்றிக்கொள்வார்கள் என்பதால், இது மட்டும் இருந்தால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஐந்து பேர் திண்ணையில் வரிசையாகப் போஸ் கொடுத்து நிற்கும் நேரம் அந்த நேரமாக இருக்க வாய்ப்பு குறைவு. சட்டையும் பூணூலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சாட்சிகள். இரண்டும் ஒரே பக்கம் கைகாட்டினால் நம்பலாம். ஒரே ஒரு சாட்சியை வைத்துப் படத்தைத் திருப்புவதை நான் பொதுவாகத் தவிர்க்கச் சொல்வேன்.

சேலை முந்தானையை வைத்துப் பலரும் உடனே முடிவு சொல்வார்கள். இடத்தோளில் விழுவது இன்று பரவலான முறை, அவ்வளவுதான். ஐயர் வீட்டு மடிசாரில் முந்தானை வலத்தோளில் விழும், குஜராத்திக் கட்டிலும் அப்படியே. படத்தில் இருப்பவர் எந்த முறையில் கட்டியிருக்கிறார் என்று தெரியாமல் முந்தானையைச் சாட்சிக்கு அழைப்பதில் பயனில்லை. கைக்கடிகாரமும் பாதிச் சாட்சிதான். பெரும்பாலோர் இடக்கையில் கட்டுவார்கள், எல்லோரும் அல்ல. படத்தில் மூன்று நான்கு பேர் கட்டியிருந்து, எல்லோருக்கும் வலக்கையிலேயே இருந்தால் அப்போது அதற்கு மதிப்பு வருகிறது. திருமணப் படத்தில் பெண் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஊருக்கு ஊர், சடங்குக்குச் சடங்கு மாறும்.

திண்ணைச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறது. இங்கே பலர் ஏமாறுவார்கள். முள் காட்டும் நேரத்தைப் பார்த்து, “முட்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன, அதனால் படம் நேர்தான்” என்று நினைப்பார்கள். பொருந்தத்தான் செய்யும். 8.20 காட்டும் கடிகாரத்தைத் திருப்பினால் அது 3.40 காட்டும். மணிமுள்ளும் நிமிடமுள்ளும் அந்த நேரத்துக்குச் சரியாக நிற்கும். எந்த நேரத்தை எடுத்தாலும் 12 மணியிலிருந்து கழித்து வருவதே திருப்பிய நேரம், அதுவும் ஓர் உண்மையான நேரம். எனவே முட்களிலிருந்து திசையைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. முகப்பில் எண்கள் தெரிந்தால் மட்டுமே கடிகாரம் பேசும். எண்கள் இல்லாமல் கோடுகள் மட்டும் இருந்தால் அடுத்த பொருளுக்குப் போய்விடுங்கள்.

அடுத்த பொருள் பக்கத்திலேயே தொங்குகிறது: தினசரிக் காலண்டர். எழுத்து மங்கல். ஆனால் நடுவில் பெரிதாக இருக்கும் தேதி எண்ணைப் பெரிதாக்கினால், 7 என்ற எண்ணின் நீண்ட கால் எந்தப் பக்கம் இறங்குகிறது என்ற அளவுக்காவது தெரியும். மேல்கோட்டின் இட முனையிலிருந்து கால் இறங்கினால் எண் திரும்பியிருக்கிறது. நம் படத்தில் அப்படித்தான் இறங்குகிறது. மூன்றாவது சாட்சியும் வந்துவிட்டது.

இப்போது படத்தைத் திருப்பிப் பெயர்களைப் பொருத்தினால், பேனா வைத்த சட்டைக்காரர் வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்கு வருகிறார். அவர் சித்தப்பா அல்லர், சின்னத் தாத்தா. பூணூல்காரர் பெரிய மாமா என்று நினைத்திருந்தால், இப்போது கணக்குப்பிள்ளை ஆகிறார். சித்தப்பாவின் வேறொரு படத்தில் மச்சம் இருந்தால், அதை ஒப்பிட வேண்டிய கட்டம் இதுதான். அந்த வேறு படத்தின் திசையையும் இதே முறையில் பார்த்த பிறகு.

எழுத்தும் பலகையும்

படத்தில் தமிழ் எழுத்து இருந்தால் வேலை சுலபம். நம் எழுத்துகளில் திருப்பினாலும் மாறாதவை மிகக் குறைவு. ‘ப’ ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிகளும் மாறாது. மற்றவை காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் நிலைமை வேறு. A, H, I, M, O, T, U, V, W, X, Y இந்தப் பதினொன்றும் திருப்பினாலும் அப்படியே நிற்கும். தொலைவிலிருக்கும் பலகையில் இவை மட்டும் தெளிவாகத் தெரிந்து மற்றவை மங்கலாக இருந்தால், கண் தானாகவே மிச்சத்தைச் சரியாக நிரப்பிக்கொள்ளும்.

டிஜிட்டல் எண்கள் இன்னும் மோசம். ஏழு கோடுகளால் ஆன எண்களில் 0, 1, 8 மாறாது. 2 திரும்பினால் 5 ஆகும், 5 திரும்பினால் 2 ஆகும். இரவு 20:15 காட்டும் கடிகாரத்தைத் திருப்பினால் 21:05 என்று படிக்க வரும். ஒரு மணிநேரத்துக்கு 10 நிமிடம் குறைவாகத் தவறு, பார்ப்பவருக்கு எந்தக் கோளாறும் தெரியாது. ஒரே ஒரு தடயம் மிஞ்சும். இந்த வகைக் கடிகாரங்களில் 1 என்ற எண் தன் கட்டத்தின் வல ஓரத்தில் எரியும். ஆகவே உண்மையான 21 என்றால் 2-க்கும் 1-க்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கும். திருப்பிய படத்தில் 1 இடப்பக்கம் ஒட்டி, 2-ஐ இடித்துக்கொண்டு நிற்கும்.

எழுத்தே இல்லாத பலகைகளிடம் அதிக எச்சரிக்கை தேவை. இடப்பக்க வளைவு என்று காட்டும் சாலைக் குறி திருப்பினால் வலப்பக்க வளைவு என்று காட்டும். இரண்டும் உண்மையில் உள்ள குறிகள். அம்புக்குறியை மட்டும் வெட்டி எடுத்து “கோயிலுக்கு இப்படிப் போகணும்” என்று அனுப்பப்பட்ட படத்தைப் பார்த்து எதிர்ப்பக்கம் போனவரைக் குறை சொல்ல முடியாது. அம்பை விட்டுச் சாலையைப் பாருங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடும், ஸ்டியரிங் வண்டியின் வலப்பக்கம் இருக்கும். யூட்யூபில் திருட்டுத்தனமாக ஏற்றிய சினிமாப் பாடல்களில் கதாநாயகன் இடப்பக்கம் உட்கார்ந்து கார் ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உரிமையாளரின் தானியங்கிச் சோதனையில் மாட்டாமலிருக்க முழுப் படத்தையும் திருப்பிவிட்ட வேலை அது.

மறுபக்கமும் ஒரு பொறி உண்டு. எழுத்து திரும்பித் தெரிந்தாலே படம் திரும்பியது என்று பொருளல்ல. ஆம்புலன்ஸின் முன்னால், முன்னே போகிறவரின் கண்ணாடியில் நேராகத் தெரிவதற்காக, எழுத்தைத் திருப்பியே எழுதியிருப்பார்கள். கடையின் கண்ணாடிக் கதவில் வெளியே பார்த்து ஒட்டிய பெயர், உள்ளிருந்து எடுத்த படத்தில் திரும்பித்தான் தெரியும். சலூன் கண்ணாடிக்குள் விழுந்த காலண்டரும் அப்படியே. எழுத்து எந்தப் பரப்பில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தீர்ப்பு.

உருவங்களிலும் இந்தப் பொறி இருக்கிறது. நடராஜர் வலக்காலை ஊன்றி இடக்காலைத் தூக்கி ஆடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து, வலக்காலைத் தூக்கிய ஒரு நடராஜர் படத்தைப் பார்த்ததும் “மாறிப்போச்சு” என்று திருப்பிவிட்டால், மதுரை மீனாட்சி கோயிலின் வெள்ளியம்பலத்தைக் கெடுத்தவர்கள் ஆவோம். அங்கே அவர் கால் மாறித்தான் ஆடுகிறார்.

எங்கே மாறுகிறது, எப்படித் திருத்துவது

பிலிமில் தவறு நேர்வது அதைப் பிடிக்கிற விதத்தில். நெகடிவின் ஒரு பக்கம் பளபளப்பாகவும், மருந்து பூசிய மறுபக்கம் சற்று மங்கலாகவும் இருக்கும். பளபளப்பான பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் காட்சி நேர்த்திசையில் இருக்கும். ஓரத்தில் அச்சான கம்பெனிப் பெயரும் எண்களும் நேராகப் படிக்க வருகின்றனவா என்பது இதைவிட எளிய சோதனை. பழைய ஸ்டூடியோக்களின் கண்ணாடித் தகடுகளில் ஓர எழுத்து இருக்காது, அங்கே பளபளப்பு ஒன்றே வழி. ஸ்கேனர் எந்தப் பக்கத்தைக் கீழே கேட்கிறது என்பது கருவிக்குக் கருவி மாறும். அதனால் முதல் பிலிமை ஓர எழுத்தும் சேர்ந்து விழும்படி ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு மிச்சத்தைத் தொடருங்கள்.

கணினியில் தவறு நேர்வது பெரும்பாலும் ஒரே ஒரு பொத்தானில். தலைகீழாக வந்த படத்தை நிமிர்த்த `Rotate 180` என்பதை அழுத்த வேண்டும். அதற்குப் பதில் `Flip Vertical` என்பதை அழுத்தினாலும் படம் நிமிர்ந்துவிடும். எல்லோர் தலையும் மேலே வந்துவிடும். ஆனால் இடம் வலமாகியிருக்கும். வேலை முடிந்த திருப்தியில் யாரும் மேற்கொண்டு பார்ப்பதில்லை. பத்திரிகைப் பக்கங்களில் வேறு காரணம். படத்தில் இருப்பவர் பக்கத்துக்கு வெளியே பார்ப்பது போல இருந்தால், உள்ளே பார்க்கட்டும் என்று வடிவமைப்பாளர் திருப்பிவிடுவார். பழைய பத்திரிகையிலிருந்து எடுத்த முகத்தை ஆதாரமாக வைத்துக்கொள்ளும்போது இதை நினைவில் வையுங்கள்.

டிஜிட்டல் படத்துக்குள் திசை பற்றிய ஒரு குறிப்பு எண் இருக்கலாம். `exiftool` என்ற மென்பொருளில் இப்படிப் பார்க்கலாம்:

```
exiftool -n -Orientation padam.jpg
```

1, 3, 6, 8 என்று வந்தால் வெறும் சுழற்சி. 2, 4, 5, 7 வந்தால் இடவல மாற்றமும் சேர்ந்திருக்கிறது, சில மென்பொருள்கள் அதை மதிக்கும், சில மதிக்காது. எண்ணே வராவிட்டாலோ 1 என்று வந்தாலோ படம் நேர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் இந்தக் குறிப்பு பெரும்பாலும் கழன்றிருக்கும். நெகடிவை மறுபக்கமாக வைத்தது ஸ்கேனருக்கும் தெரியாது.

மாறியது உறுதியானால், தரம் குறையாமல் திருப்ப இந்தக் கட்டளை போதும்:

```
jpegtran -copy all -flip horizontal padam.jpg > padam-thirutham.jpg
```

`horizontal` என்பதைக் கவனியுங்கள், `vertical` என்றால் தலைகீழாகும். பழைய கோப்பை அழிக்க வேண்டாம். புதிய கோப்பின் பெயரிலோ குறிப்பிலோ எதை வைத்துத் திருப்பினீர்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள்: ‘சட்டைப் பொத்தான், பூணூல், காலண்டர் எண் 7 பார்த்துத் திருப்பியது’. இல்லையென்றால் அடுத்து வரும் யாரோ ஒருவர் “சித்தப்பா வலப்பக்கம்தானே நிற்பார்” என்று மறுபடி திருப்பிவிடுவார்.

எந்தச் சாட்சியும் இல்லாத படங்களும் வரும். வெள்ளைத் துணி பின்னணியில் கழுத்துவரை மட்டும் விழுந்த ஒரு முகம், வேறொன்றும் இல்லை. அதில் வகிட்டையும் மச்சத்தையும் வைத்து எதுவும் சொல்லாதீர்கள். பட்டியலில் அந்தப் படத்துக்கு நேராக ‘திசை உறுதியாகவில்லை’ என்று எழுதி, நெகடிவோ அதே நாளில் எடுத்த இன்னொரு படமோ கிடைக்கும்வரை அப்படியே விட்டுவைக்கலாம்.